கண்காட்சி நாளிலிருந்து பின்னோக்கி

பள்ளித் தோட்டம் என்று பேச்செடுத்ததும் பிள்ளைகள் கேட்கும் முதல் செடி தக்காளி. ஆசிரியர்களும் பெரும்பாலும் அதற்கே தலையாட்டுவார்கள். ஆனால் நாற்றங்காலில் ஏறத்தாழ 25 நாள், பிடுங்கி நட்ட பிறகு பழம் சிவக்க இன்னும் 60 முதல் 70 நாள் என்று கணக்கிட்டால், ஜூலை 20-ஆம் தேதி விதைத்த தக்காளி அக்டோபர் நடுவில்தான் கைக்கு வரும். அதற்குள் காலாண்டுத் தேர்வும் விடுமுறையும் முடிந்திருக்கும். விடுமுறையில் தண்ணீர் காணாமல் பாதிச் செடிகள் காய்ந்தும் போயிருக்கும். பெற்றோரை அழைத்துக் காட்ட வேண்டிய நாளில் தோட்டத்தில் இருப்பது வெறும் பச்சைச் செடிகள். பல பள்ளிகளில் தோட்டத் திட்டம் ஓர் ஆண்டோடு நின்றுபோவதற்கு இப்படிப் பயிரும் நாட்காட்டியும் பொருந்தாமல் போவதே முதல் காரணம்.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குத் தோட்டத்தை ஒரு திட்டப் பாடமாக, அதாவது பத்து வாரம் தொடர்ந்து நடந்து குடும்பத்தார் முன் கண்காட்சியாக முடியும் ஒரே வேலையாக வகுக்கும்போது, முதலில் குறிக்க வேண்டியது கடைசி நாளைத்தான். தமிழ்நாட்டுப் பள்ளிக்கு இதில் இயல்பான ஒரு வசதி உண்டு. ஜூனில் பள்ளி திறக்கிறது, ஜூலை நடுவில் ஆடி பிறக்கிறது, செப்டம்பர் பிற்பகுதியில் காலாண்டுத் தேர்வு வருகிறது. ஆடிப்பட்டத்தில் விதைத்துத் தேர்வுக்கு முன் அறுக்கலாம். கண்காட்சியைச் செப்டம்பர் 12 என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணினால் எந்தப் பயிர் தாங்கும் என்பது தானே தெரிந்துவிடும். வெண்டை விதைத்து 45 நாள் முதல் காய் கொடுக்கும். ஜூலை 20-இல் ஊன்றினால் செப்டம்பர் முதல் வாரத்தில் முதல் பறிப்பு வந்து, கண்காட்சி அன்று செடியில் பூவும் பிஞ்சும் காயும் ஒருசேர நிற்கும். முளைக்கீரைக்கு 25 முதல் 28 நாள் போதும் என்பதால் அதை இரண்டு முறை போடலாம். ஜூலை 20-இல் போட்டது ஆகஸ்ட் நடுவில் சத்துணவு அடுப்புக்குப் போகும். ஆகஸ்ட் 17-இல் மறுபடி போட்டது கண்காட்சிக்குத் தளதளவென்று நிற்கும். முள்ளங்கியும் வேண்டுமென்றால் வெயில் தாங்கும் பூசா சேத்கி போன்ற ரகத்தை ஜூலை கடைசியில் விதைக்கலாம். முதல் ஆண்டில் இரண்டு பயிருக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது.

முப்பது பிள்ளைகள் உள்ள ஏழாம் வகுப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு முழுதாகப் பார்ப்போம். ஆறு ஆறு பேராக ஐந்து குழு, குழுவுக்கு ஒரு பாத்தி. பாத்தியின் நீளம் 3 மீட்டர், அகலம் 90 சென்டிமீட்டர். அகலத்தை அதற்கு மேல் கூட்டக் கூடாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை வரப்பில் உட்கார்ந்து கை நீட்டினால் பாத்தியின் நடுப்பகுதி எட்ட வேண்டும். எட்டாவிட்டால் உள்ளே இறங்கி மிதிப்பார்கள், மண் இறுகிவிடும். பாத்திகளுக்கிடையே இருவர் ஒதுங்கிப் போக அரை மீட்டர் வழி விட வேண்டும். மண்ணை முதலில் கொத்திப் புரட்டும் வேலையைப் பெரியவர்கள் மண்வெட்டியால் செய்துவிடலாம். கட்டி உடைப்பதற்கும் பிறகு களையெடுப்பதற்கும் பிள்ளைகள் கையில் களைக்கொத்தி போதும். எருவில் ஒரு கண்டிப்பு உண்டு. கீரை சாப்பிடப்போகிற பொருள் என்பதால் பச்சைச் சாணம் போடவே கூடாது. நன்றாக மக்கி, கையில் எடுத்தால் உதிர்ந்து, மண்வாசம் வீசும் தொழு உரம் மட்டுமே போட வேண்டும்.

பாத்தியின் 2 மீட்டர் நீளத்தில் வெண்டை, மீதி 1 மீட்டரில் கீரை. வெண்டை இரண்டு வரிசை. வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர் விட்டால் ஒரு வரிசையில் ஆறு செடி நிற்கும். ஆறு பேர் கொண்ட குழுவில் ஒவ்வொருவருக்கும் இந்த வரிசையில் ஒன்று, அந்த வரிசையில் ஒன்று என்று எதிரெதிராக இரண்டு செடி கிடைக்கும். ஒரு வரிசையின் அடிமண்ணைக் காய்ந்த சருகால் நான்கு விரல் கனத்துக்கு மூடி மூடாக்கு போடுவார்கள். மற்ற வரிசை திறந்த மண். எரு, தண்ணீர், விதை, விதைத்த நாள் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. வேறுபடுவது சருகு மட்டும்.

இந்த அமைப்புக்குள் திட்டத்தின் பாதி அடங்கிவிடுகிறது. குழுவாகத் தோட்டம் போடும் பள்ளிகளில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளும், மற்றவர்கள் தண்ணீர் சுமப்பார்கள், கடைசியில் யார் என்ன கற்றார் என்று ஆசிரியரால் சொல்ல முடியாது. இங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு சோடிச் செடி இருக்கிறது. அதைத் தானே அளக்க வேண்டும், தானே எழுத வேண்டும். வளரறி மதிப்பீட்டில் செயல்பாட்டுக்குரிய மதிப்பெண்ணை அந்தத் தனிக் குறிப்பிலிருந்து நியாயமாகப் போடலாம். அதே நேரத்தில் ஐந்து பாத்தியிலும் சேர்த்து முப்பது சோடி கிடைக்கிறது. ஒரு சோடியை மட்டும் வைத்து மூடாக்கு நல்லதா என்று சொல்ல முடியாது, ஒரு செடியைப் புழு தின்றிருக்கலாம். முப்பதில் இருபத்திரண்டு சோடியில் மூடாக்குச் செடி உயரம் என்றால் பேச இடமிருக்கிறது. பதினாறில்தான் உயரம் என்றால் பெரிய வித்தியாசம் இல்லை என்று எழுத வேண்டும். ஆகஸ்டில் மாலை மழை அடிக்கடி பெய்துவிட்டால் திறந்த மண்ணும் ஈரமாகவே இருக்கும், இரண்டு வரிசையும் ஒன்றுபோல் வளரும். அந்த முடிவும் முடிவுதான், மழை பெய்த தேதிகளோடு சேர்த்து எழுதினால்.

தோட்ட வேலையை வாரங்களாகப் பிரித்து, மூன்றாம் வாரம் களையெடுப்பு, நான்காம் வாரம் படம் வரைதல் என்று அட்டவணை போடுவது வழக்கம். அதைவிட, தோட்டம் ஒரு முடிவைக் கேட்கும் நாளையே மைல்கல்லாக வைக்க வேண்டும் என்பது என் கட்சி. அந்த நாளில் பிள்ளைகள் எதையாவது பார்த்து, எண்ணி, அதை வைத்து ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும். தீர்மானிக்க ஒன்றும் இல்லாத நாளை மைல்கல் என்று குறித்தால் அது சடங்காகிவிடும்.

முதல் மைல்கல் மண். கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தோட்டத்து மண், மேலே தண்ணீர், மூடி நன்றாகக் குலுக்கி அசையாமல் வைக்க வேண்டும். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் படியும், வண்டல் சில மணி நேரத்தில் அதன் மேல் படியும், களி மறுநாள் வரை தண்ணீரைக் கலங்கலாக வைத்திருக்கும். மறுநாள் அடுக்குகளை ஸ்கேலால் அளந்தால் மணல் கூடிய மண்ணா, களி கூடிய மண்ணா என்று தெரியும். மணல் கூடியிருந்தால் எருவைக் கூட்டி, தண்ணீரை நாளுக்கு இரண்டு முறையாகப் பிரிக்க வேண்டும். களி கூடியிருந்தால் பாத்தியை ஒரு சாண் உயர்த்த வேண்டும். தீர்மானம் பிள்ளைகளுடையது.

இரண்டாம் மைல்கல் விதை. இதில்தான் கணக்குப் பாடம் மண்ணில் இறங்குகிறது. ஈரத்துணியில் 20 வெண்டை விதையை வரிசையாக வைத்துச் சுருட்டி, துணி காயாமல் பார்த்துக்கொண்டு, ஆறாம் நாள் பிரித்து எண்ண வேண்டும். பதின்மூன்று முளைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், அதாவது 65 சதவீதம். ஒரு குழிக்கு ஒரு விதை போட்டால் ஒரு பாத்தியின் 12 குழியில் நான்கு வெறுமையாக நிற்கும். நான்கு பிள்ளைகளின் சோடி உடைந்துவிடும். குழிக்கு இரண்டு விதை போட்டால் இரண்டும் பொய்த்துப்போக வேண்டும். நூற்றுக்கு 35 குழியில் முதல் விதை பொய்க்கும், அந்த 35-இலும் நூற்றுக்கு 35 வீதம்தான் இரண்டாவதும் பொய்க்கும். ஏறத்தாழ 12 சதவீதம். பன்னிரண்டு குழியில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஆக, குழிக்கு இரண்டு விதை. துணியில் முளைப்பதைவிட மண்ணில் முளைப்பு சற்றுக் குறையும் என்பதால் ஓரத்தில் நாலைந்து விதையைத் தனியாகப் போட்டு வைப்பது வழக்கம் அறிந்தவர்கள் செய்கிற காரியம். ஏழாம் வகுப்புப் பிள்ளை சதவீதத்தின் சதவீதத்தை இவ்வளவு அக்கறையோடு போட்டுப் பார்க்கும் வேறோர் இடத்தைக் காட்டுவது கடினம். அந்தக் கணக்கில் தவறினால் வெறும் குழியாக நிற்கப்போவது அதன் சொந்தக் குழி.

விதைப்பு நாளில் வெண்டை விதையை முந்தின இரவு ஊறப்போட்டு, இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுவார்கள். கீரை விதை கடுகைவிடப் பொடி. ஒரு சதுர மீட்டருக்குக் கால் கிராம் போதும் என்பதால் கையால் தூவினால் ஓரிடத்திலேயே கொட்டிவிடும். பத்துப் பங்கு மணலில் கலந்து தூவ வேண்டும். எறும்பு இழுத்துப்போகும் மண்ணாக இருந்தால் பாத்தியைச் சுற்றிக் கொஞ்சம் அரிசிமாவோ ரவையோ தூவி வைப்பதைக் கிராமத்துப் பாட்டிகள் சொல்வார்கள். எறும்பு அதைத் தூக்கிக்கொண்டு விதையை விட்டுவிடும்.

பத்தாம் நாள் அடுத்த மைல்கல், முளைத்தவற்றை எண்ணும் நாள். இரண்டும் முளைத்த குழியில் ஒன்றைக் கிள்ள வேண்டும். பயிர் கலைத்தல் என்கிற இந்த வேலையில் பிள்ளைகள் தடுமாறுவார்கள், சிலர் அழுதும்விடுவார்கள். முளைத்து வந்த உயிரை ஏன் பிடுங்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. அதைச் சிரித்து ஒதுக்காமல், எடுத்த கன்றை வெறும் குழிக்கு மாற்றிப் பார்க்க அனுமதிக்கலாம். வெண்டைக்கு ஆணிவேர் ஆழமாக இறங்கும், பிடுங்கி நட்டால் பெரும்பாலும் வாடிவிடும். ஒரு சில பிழைக்கும். அதையும் குறிப்பேட்டில் எழுதிவிட்டால் தக்காளியை நாற்றுவிட்டு நடுவதும் வெண்டையை நேரே விதைப்பதும் ஏன் என்ற பாடத்தை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு வாரத்தில் ஒரு நாள், ஒரே கிழமையில், உயரமும் இலை எண்ணிக்கையும். மண்மட்டத்திலிருந்து தண்டின் நுனிக் குருத்து வரை அளப்பதா, நிமிர்ந்த இலையின் நுனி வரை அளப்பதா என்று முதல் நாளே வகுப்பு பேசி முடிவுசெய்ய வேண்டும். குருத்து வரை என்பதே சரி, இலை காற்றுக்கும் வெயிலுக்கும் தாழ்ந்து உயரும். குறிப்பேட்டில் போன வாரம் 18 சென்டிமீட்டர், இந்த வாரம் 16 என்று இருந்தால் ஆசிரியர் கோபப்பட வேண்டாம். அடிமண் அணைத்திருப்பார்கள், அல்லது அளந்த விதம் மாறியிருக்கும். காரணத்தைத் தேடிப் பக்கத்தில் எழுதச் சொல்ல வேண்டும். கவலைப்பட வேண்டியது ஒவ்வொரு வாரமும் சரியாக மூன்று சென்டிமீட்டர் கூடியிருக்கும் குறிப்பேட்டைப் பார்த்துத்தான். அது தோட்டத்தில் எழுதப்படவில்லை, வீட்டில் எழுதப்பட்டது.

குழு வேலையில் அதிகமாகக் கெட்டுப்போவது தண்ணீர். வாடவிட்டுக் கெடுப்பதைவிட ஊற்றிக் கெடுப்பதே மிகுதி. ஆறு பேரும் பாசத்தோடு வந்து ஆளுக்கு ஒரு வாளி ஊற்றினால் இளங்கன்று அழுகிவிடும். மண்ணையொட்டிய தண்டு நூலாக மெலிந்து, கன்று ஒரே இரவில் சாய்ந்து கிடந்தால் அது நாற்றழுகல். அதற்குத் தண்ணீரைக் குறைப்பதுதான் முதல் மருந்து. வெயில் நாளில் இந்தப் பாத்திக்கு ஒரு குடம், 12 லிட்டர் அளவு, போதும். ஊற்றும் முன் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்க்க வேண்டும், ஈரம் ஒட்டினால் அன்று வேண்டாம். ஊற்றியவர் பாத்தியின் மூலையிலுள்ள குச்சியில் ஒரு துணித்துண்டைக் கட்டிவிட்டால் அடுத்து வருபவர் திரும்பிப் போய்விடுவார். தண்ணீர், களை, அளவு, குறிப்பு, கருவி, பூச்சி பார்த்தல் என்று ஆறு வேலை ஆறு பேருக்கு. வாரம் தோறும் திங்கட்கிழமை எல்லாம் ஒருபடி நகர வேண்டும். நகராவிட்டால் பெண்பிள்ளைகள் கையில் குடமும் ஆண்பிள்ளைகள் கையில் களைக்கொத்தியும் நிலைத்துவிடும். அதை ஆசிரியர் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். சனி, ஞாயிறுக்குப் பள்ளிக்குப் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் சோடியாக முறை வைத்துக்கொள்ளலாம். ஆட்டுக்குப் பழைய புடவையைக் கம்புகளில் இழுத்துக் கட்டிய வேலியே பெரும்பாலும் போதும்.

பூச்சி பார்க்கும் பிள்ளை இலையின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்க்கப் பழக வேண்டும். அசுவினியும் வெள்ளை ஈயும் அங்கேதான் இருக்கும். ஐம்பது கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டித் தெளித்தால் தொடக்கத்தில் கட்டுப்படும். தெளித்த பிறகு கையைச் சோப்பால் கழுவ வேண்டும். வெண்டையிலையில் நரம்பெல்லாம் மஞ்சளாகி வலைபோல் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய், அதற்கு மருந்தில்லை. அந்தச் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும். சொந்தச் செடியைப் பிடுங்க நேர்ந்த பிள்ளைக்கு மதிப்பெண் குறையக் கூடாது. நோய் தெரிந்த நாள், எந்த இலையில், பக்கத்துச் செடியில் என்றைக்கு என்று அது எழுதி வைத்திருந்தால், வகுப்பிலேயே சிறந்த குறிப்பேடு அதுவாக இருக்கக்கூடும்.

ஆகஸ்ட் நடுவில் முதல் கீரை அறுப்பு. தராசில் வைத்து எடை போடுவதும் ஒரு மைல்கல். ஐந்து பாத்தியிலும் கீரைக்கு விட்டது மொத்தம் நாலரை சதுர மீட்டர். நன்றாக வந்தால் சுமார் 4 கிலோ கிடைக்கும். மதிய உணவுத் திட்டத்தில் ஆறு முதல் எட்டு வகுப்புப் பிள்ளை ஒருவருக்கு நாளொன்றுக்கு 75 கிராம் காய்கறி என்பது அளவு. அந்தக் கணக்கில் 4 கிலோ 53 பேருக்கு ஒரு வேளை. ஒரு மாதம் முப்பது பேர் உழைத்தது 53 பேரின் ஒரு வேளைக் காய் என்று கரும்பலகையில் எழுதும்போது வகுப்பு அமைதியாகிவிடும். இந்தத் தோட்டத்தால் பள்ளிக்குச் சோறு போட முடியாது என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது. ஊருக்கே காய் வர எவ்வளவு நிலமும் கையும் வேண்டும் என்று அவர்களே பெருக்கிப் பார்க்கட்டும்.

இனிக் கண்காட்சி. இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. முந்தின நாள் நர்சரியிலிருந்து பூந்தொட்டி வாங்கி அடுக்குவதும், வண்ணத் தாளில் வாசகம் எழுதி ஒட்டுவதும், பிள்ளைக்கு உரை மனப்பாடம் செய்விப்பதும் பத்து வார உழைப்பையும் அழித்துவிடும். வருகிறவர்களில் பலர் வயலில் வேலை செய்கிறவர்கள். சிலருக்குச் சுவரிலுள்ள எழுத்தை வாசிப்பது சிரமம், ஆனால் செடியை வாசிக்கத் தெரியும். ஆகவே பொருளைக் காட்ட வேண்டும். அடுக்கடுக்காகப் படிந்த மண் பாட்டில், முளைத்த விதையும் முளைக்காத விதையும் ஒட்டிய துணி, மூடாக்கு வரிசையிலும் திறந்த வரிசையிலும் ஒரு கைப்பிடி மண், கலைத்த கீரையும் கலைக்காமல் விட்ட கீரையும் வேரோடு பக்கத்தில் பக்கத்தில். நேரம் மாலை நாலரை முதல் ஆறு வரை. கூலி வேலைக்குப் போனவர்களும் வந்துசேரலாம், வெளிச்சமும் இருக்கும்.

ஒவ்வொரு பிள்ளையும் தன் சோடிச் செடியின் அருகில் நின்று வீட்டாருக்குக் காட்டும். சொல்வதற்கு முன் கேட்க வேண்டும் என்பது ஒரே விதி. எந்தச் செடிக்குச் சருகு போட்டோம் என்று தண்டையும் காயையும் பார்த்து நீங்கள் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டால் பெரியவர்கள் குனிந்து பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அதன் பிறகு பேச்சு ஒத்திகை பார்த்த பேச்சாக இருக்காது. “ஏம்மா, இந்தச் செடி மட்டும் ஏன் குட்டையா நிக்குது?” என்று அப்பா கேட்பார். “அதுக்கு ரெண்டு தடவ அசுவினி வந்துச்சுப்பா, குறிப்புல தேதி இருக்கு” என்று பெண் பதில் சொன்னால் அவள் கற்றிருக்கிறாள். பாட்டி ஒருத்தி, “சருகு இவ்வளவு கனமாப் போட்டா கரையான் வராதா கண்ணு?” என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பிள்ளையிடம் பதில் இல்லாவிட்டால் குறிப்பேட்டில் பாட்டியின் பெயரோடு எழுதிக்கொள்ள வேண்டும். அடுத்த பருவத்துச் சோதனைக்கு அதுவே தலைப்பு. ஆசிரியர் நடந்துகொண்டே பிள்ளைகளிடம், மறுபடியும் விதைத்தால் எதை மாற்றுவாய் என்று மட்டும் கேட்டு மதிப்பெண் போடலாம். தன் பாத்தியில் நடந்த ஒன்றைக் காட்டிப் பதில் சொல்லும் பிள்ளைக்கு முழு மதிப்பெண். நிறையத் தண்ணீர் விடுவேன், நன்றாகப் பார்த்துக்கொள்வேன் என்று பொதுவாகச் சொல்கிற பிள்ளையைக் குறிப்பேட்டைத் திறந்து காட்டச் சொல்லி இன்னொரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும்.

பட்டுப்போன செடிகளின் இடத்தை மூடி மறைக்க வேண்டாம். அங்கே குச்சி நட்டு, என்ன ஆனது, எந்தத் தேதியில் என்று எழுதி வைத்தால் பெற்றோர் அதிகம் நிற்பது அங்கேதான், ஏனென்றால் அவர்கள் வயலிலும் அதே நோய் வந்திருக்கும்.

கண்காட்சியன்றே குழுவுக்கு இரண்டு செடியைத் தேர்ந்து, அவற்றின் நல்ல காய்களில் நூல் கட்டி, பறிக்காமல் விட்டுவிடச் சொல்ல வேண்டும். காய் முற்றி, காய்ந்து, வரி வரியாக வெடிக்கத் தொடங்க ஒரு மாதமாகும். விதை பாக்கெட்டில் கலப்பினம் என்று போட்டிருந்தால் இதைச் செய்து பயனில்லை, அடுத்த தலைமுறை தாயைப்போல் வராது. அதனால் ஜூலையிலேயே நாட்டு ரகமாகப் பார்த்து வாங்க வேண்டும். காலாண்டு விடுமுறை முடிந்து வந்ததும், வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்கு முன், நூல் கட்டிய காய்களைப் பறித்து, விதையை நிழலில் உலர்த்தி, குறிப்பேடுகளோடு சேர்த்து ஆறாம் வகுப்பிடம் ஒப்படைக்கலாம். அவர்கள் முதலில் செய்ய வேண்டியது அதில் 20 விதையை எண்ணி ஈரத்துணியில் சுருட்டுவது.